115 மாதத்தில் இரட்டிப்பு: 72 விதியை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது

அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் பற்றி விசாரித்தால், வட்டி எவ்வளவு என்பதற்கு முன்பாகவே கால அளவைச் சொல்லிவிடுவார்கள்: 115 மாதத்தில் போட்ட பணம் இரண்டு மடங்கு. இந்த 115 என்ற எண் 2023 ஏப்ரல் 1 அன்று வந்தது. அதே நாளில் அந்தப் பத்திரத்தின் வட்டி ஆண்டுக்கு 7.5 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 வரும். 9.6 ஆண்டு என்பது 115.2 மாதம்.

72 விதி என்பது இவ்வளவுதான். வட்டி விகிதம் சதவீதத்தில் எவ்வளவோ, அதனால் 72-ஐ வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது வந்துவிடும். 6 சதவீதத்தில் 12 ஆண்டு, 8 சதவீதத்தில் 9 ஆண்டு, 12 சதவீதத்தில் 6 ஆண்டு. திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். யாராவது "8 ஆண்டில் இரட்டிப்பு" என்று சொன்னால் 72-ஐ 8-ஆல் வகுத்து, அவர் தருவது 9 சதவீதம் என்று அங்கேயே சொல்லிவிடலாம். அன்றாடம் பயன்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான். ஏனென்றால் பணம் கேட்டு வருபவர்கள் வட்டியைச் சொல்வதைவிட மடங்கைச் சொல்வதையே விரும்புகிறார்கள்.

இந்தப் பத்திரத்தின் வரலாறே இதற்கு நல்ல பயிற்சிக் களம். 1988-இல் அறிமுகமானபோது ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பு என்றார்கள். 72-ஐ 5.5-ஆல் வகுத்தால் 13.1. அதாவது அன்றைய வட்டி 13 சதவீதத்தை ஒட்டியிருந்தது. 2011 இறுதியில் பத்திரம் நிறுத்தப்பட்டபோது இரட்டிப்புக் காலம் 8 ஆண்டு 7 மாதம். விதிப்படி அது 8.4 சதவீதம். 2014 நவம்பரில் மீண்டும் வந்தபோது 100 மாதம், அதாவது ஏறக்குறைய 8.6 சதவீதம்; அரசு அறிவித்தது 8.7. 2020 ஏப்ரலில் காலம் 124 மாதமாக நீண்டது. விதி 7 என்கிறது, அறிவிக்கப்பட்டது 6.9. இரட்டிப்புக் காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வட்டியை ஒரு தசமப் புள்ளி அளவுக்குள் பிடித்துவிட முடிகிறது. கொஞ்சம் விலகியது 1988-ஆம் ஆண்டுக் கணக்கு மட்டும்தான். அதில் துல்லியமான விகிதம் 13.43, விதி சொன்னது 13.1. அந்த விலகல் தற்செயலானது அல்ல. அதன் காரணம் தெரிந்தால் விதியை எங்கே திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

72 எங்கிருந்து வந்தது

இத்தாலியக் கணித அறிஞர் லூகா பசியோலி 1494-இல் வெனிஸில் வெளியிட்ட கணித நூலில் இந்த விதி இருக்கிறது. ஆனால் ஏன் 72 என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. விளக்கம் மடக்கையில் இருக்கிறது.

ஒரு ரூபாய் ஆண்டுக்கு ஒரு முறை வட்டி சேர்ந்து வளர்கிறது என்றால், அது இரண்டு ரூபாயாக ஆகும் ஆண்டுகளின் துல்லியமான கணக்கு இது. இதில் n ஆண்டுகள், r வட்டி விகிதம் (8 சதவீதம் என்றால் 0.08), ln என்பது இயல் மடக்கை:

```
n = ln 2 / ln(1 + r)
```

2-இன் இயல் மடக்கை 0.693. வட்டி மிக மிகச் சிறியதாக இருந்தால் கீழே உள்ள மடக்கை வட்டி விகிதத்துக்கே சமமாகிவிடும். அப்போது விடை 69.3-ஐ வட்டிச் சதவீதத்தால் வகுத்ததாக இருக்கும். ஆக, அடிப்படை எண் 69.3 தான். ஆனால் வட்டி கூடக்கூட மடக்கை அதே வேகத்தில் கூடுவதில்லை, கொஞ்சம் பின்தங்குகிறது. வகுக்கும் எண் சிறியதாக நின்றுவிடுவதால் விடை பெரிதாகிறது. அதை ஈடுகட்ட மேலே உள்ள 69.3-ஐயும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கிறது. எவ்வளவு என்றால், ஒவ்வொரு ஒரு சதவீத வட்டிக்கும் மூன்றில் ஒரு பங்கு. 8 சதவீத வட்டிக்கு இந்த உயர்வு ஏறக்குறைய 2.7. 69.3-உடன் கூட்டினால் 72.

அதனால்தான் 72 என்பது 8 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்குப் பிறந்த எண். கச்சிதமாகப் பொருந்துவது 7.85 சதவீதத்தில். நம் ஊர்ச் சேமிப்புத் திட்டங்களின் வட்டி பெரும்பாலும் 6-க்கும் 9-க்கும் நடுவே ஓடுவதால், இங்கே இந்த விதிக்கு நல்ல பெயர். 72-ஐ 2, 3, 4, 6, 8, 9, 12, 18, 24 எல்லாம் மீதியின்றி வகுக்கும் என்பது கூடுதல் வசதி. 69.3-ஐ யாரும் மனக்கணக்கில் வகுக்க மாட்டார்கள்.

8-ஐ விட்டு விலகும்போது செய்ய வேண்டிய திருத்தம் எளிது. வட்டி 8-க்கு மேல் ஒவ்வொரு 3 சதவீதத்துக்கும் 72-உடன் ஒன்றைக் கூட்டுங்கள். 8-க்குக் கீழே ஒவ்வொரு 3-க்கும் ஒன்றைக் குறையுங்கள். 20 சதவீதம் என்றால் 8-ஐவிட 12 அதிகம், எனவே 4 கூட்டி 76. 76-ஐ 20-ஆல் வகுத்தால் 3.8 ஆண்டு. துல்லியமான விடையும் 3.80. திருத்தாமல் 72-ஐயே வகுத்திருந்தால் 3.6 வந்திருக்கும், இரண்டு மாதத்துக்கு மேல் பிசகு. 2 சதவீதம் என்றால் 70-ஐ எடுக்க வேண்டும். 35 ஆண்டு, அதுவும் சரியான விடை. 1988-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் 13.43 சதவீதத்துக்கு ஏறக்குறைய 74 எடுக்க வேண்டும். அதை வகுத்தால் ஐந்தரை ஆண்டு வந்துவிடுகிறது.

துல்லியம் தேவைப்படும் இடத்தில் மனக்கணக்கே வேண்டாம். கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து இதை இட்டால் போதும்:

```
=NPER(7.5%,0,-1,2)
```

விடை 9.58 ஆண்டு, அதாவது 115 மாதம். பத்திரத்தில் அச்சிட்ட அதே எண்.

வங்கி வைப்புக்கு 72 அல்ல, 70

மேலே சொன்ன எல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை வட்டி அசலில் சேரும் திட்டங்களுக்கு. வங்கிகளின் நிலையான வைப்பில் வட்டி பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்கிறது. 7 சதவீதம் என்றால் காலாண்டுக்கு 1.75 சதவீதம். சேர்ந்த வட்டி அடுத்த காலாண்டிலேயே குட்டி போடத் தொடங்கிவிடுவதால் ஆண்டு முடிவில் உண்மையாகக் கிடைப்பது 7.19 சதவீதம்.

இதற்கு 72-ஐ 7-ஆல் வகுத்தால் 10.3 ஆண்டு என்று வரும். உண்மையில் 10 ஆண்டிலேயே, நான்கு நாள் முன்பாகவே, பணம் இரட்டிப்பாகிவிடும். காலாண்டுக் கூட்டு வட்டிக்கு 72-க்குப் பதில் 70-ஐ வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. 7 சதவீதத்துக்கு 10 ஆண்டு, 8 சதவீதத்துக்கு 8.75 ஆண்டு என இரண்டும் சரியாக விழும். காரணம் முன்பு சொன்னதேதான்: ஒவ்வொரு தவணைக்கும் உரிய வட்டி மிகச் சிறியதாகிவிட்டதால், கணக்கு 69.3 என்ற அடிப்படை எண்ணை நோக்கி நகர்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 7 சதவீதத்தில் 1,00,000 ரூபாயைப் பத்தாண்டுக்குப் போட்டால் முடிவில் 2,00,160 ரூபாய் கிடைக்கும். மொத்த வட்டி 1,00,160. இதைப் பத்தால் வகுத்து, "ஆண்டுக்கு 10.02 சதவீத ஈவு" என்று விளம்பரத்தில் போட முடியும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வட்டி விகிதம் அல்ல. கூட்டு வட்டியால் விளைந்ததைத் தனி வட்டிபோலப் பரப்பிக் காட்டிய சராசரி அது. இந்த 10-ஐ எடுத்து 72-ஐ வகுப்பவர் 7.2 ஆண்டில் பணம் இரட்டிக்கும் என்று எண்ணிக்கொள்வார். அன்று கையில் இருக்கப்போவது ஏறக்குறைய 1,65,000 ரூபாய்தான். விளம்பரத்தில் "ஈவு" என்ற பெயரில் ஓர் எண்ணும் "வட்டி" என்ற பெயரில் அதைவிடச் சிறிய எண்ணும் இருந்தால், 72 விதிக்குள் போக வேண்டியது சிறிய எண்தான். வைப்பின் காலம் நீள நீள இந்த ஈவு தானாகவே வீங்கும் என்பதையும் கவனியுங்கள். அதே 7 சதவீதம் ஓராண்டு வைப்பில் 7.19 என்று தெரியும், பத்தாண்டு வைப்பில் 10.02 என்று தெரியும்.

ரெண்டு வட்டி, மூணு வட்டி

கடன் கொடுத்து வாங்கும் இடங்களில் யாரும் ஆண்டு வட்டி பேசுவதில்லை. "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக் கணக்கில் 24 சதவீதம். இந்த இடத்தில் 72 விதியைப் பயன்படுத்தும் முன் கேட்க வேண்டிய கேள்வி, வட்டிக்கு வட்டி உண்டா என்பது. ஏனென்றால் 72 விதி கூட்டு வட்டிக்கு மட்டுமே. தனி வட்டிக்கு எண் 100. ரெண்டு வட்டியில் மாதாமாதம் வட்டியைத் தனியே கொடுத்துவிட்டால், கொடுத்த மொத்த வட்டி அசலுக்குச் சமமாக 50 மாதம் ஆகும். கட்டாமல் விட்டு, மாதாமாதம் அந்த வட்டி அசலில் சேர்ந்தால் 72-ஐ 2-ஆல் வகுத்து 36 மாதம். இங்கே விகிதம் மாதத்துக்கு உரியது என்பதால் விடையும் மாதத்தில் வரும். திருத்தத்தோடு 70-ஐ எடுத்தால் 35 மாதம்.

ஒரு லட்சம் ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதி, மூன்று ஆண்டு எதுவும் கட்டாமல் போனதாக வைத்துக்கொள்வோம். புரோநோட்டுக்கு மூன்று ஆண்டில் காலாவதி வந்துவிடும் என்பதால் அதற்குள் நோட்டைப் புதுப்பிப்பது வழக்கம். புதுப்பிக்கும்போது எந்தத் தொகையை எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசியில் ஒரே முறையாகத் தனி வட்டி கணக்கிட்டால் 36 மாதத்துக்கு 72,000 ரூபாய். புது நோட்டு 1,72,000-க்கு. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 24 சதவீதத்தை அசலோடு சேர்த்து நோட்டு மாற்றியிருந்தால் 1,90,662. மாதாமாதம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 2,03,989. பேச்சில் மூன்றுமே "ரெண்டு வட்டி"தான். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே கிட்டத்தட்ட 32,000 ரூபாய் வித்தியாசம். நோட்டுத் தொகை மூன்று ஆண்டில் இரண்டு மடங்கைத் தொட்டிருந்தால், மாதக் கூட்டு வட்டி போடப்பட்டிருக்கிறது என்று 72 விதியே காட்டிக்கொடுத்துவிடும். தனி வட்டியில் அது 50 மாதத்துக்கு முன் நடக்கவே முடியாது.

கடன் அட்டை நிலுவையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. எழுத்து மட்டும் அழகாக இருக்கும். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால், அதன் மேல் 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. ஆக மாதம் 4.13. 72-ஐ அதனால் வகுத்தால் பதினேழரை மாதம். தாமதக் கட்டணம் இதில் சேரவில்லை.

வரி கழித்த பிறகு எந்த எண்

மீண்டும் 115 மாதத்துக்கு வருவோம். அந்தக் காலம் வருமான வரியைக் கணக்கில் எடுக்காத காலம். கிசான் விகாஸ் பத்திரத்தின் வட்டிக்கு வரி விலக்கு கிடையாது. ஆண்டுதோறும் சேரும் வட்டியை வருமானமாகக் காட்டி வரி கட்டுபவர், அந்த வரியைப் பத்திரத்திலிருந்து எடுக்க முடியாது, கைப்பணத்திலிருந்து கட்டுவார். அதனால் பத்திரம் 115 மாதத்தில் இரட்டிக்கத்தான் செய்யும். ஆனால் குடும்பக் கணக்கில் பார்த்தால் வரியாகப் போன பணமும் அதே முதலீட்டின் செலவுதான்.

30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2 சதவீதம் போகும். 7.5-இல் மிஞ்சுவது 5.16. 72-ஐ 5.16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 ஆண்டு. 20 சதவீத அடுக்கில் மிஞ்சுவது 5.94, 12 ஆண்டு. வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு மட்டுமே ஒன்பதரை ஆண்டு என்ற எண் அப்படியே பொருந்தும். இப்போது இதன் பக்கத்தில் பொது வருங்கால வைப்பு நிதியை வையுங்கள். 2020 ஏப்ரலில் அதற்கு நிர்ணயித்த வட்டி 7.1 சதவீதம், வட்டிக்கு வரி இல்லை. 72-ஐ 7.1-ஆல் வகுத்தால் 10 ஆண்டு 2 மாதம். வட்டிப் பட்டியலில் 7.5-க்குக் கீழே நிற்கும் திட்டம், மேல் அடுக்கில் வரி கட்டுபவருக்கு நான்கு ஆண்டு முன்னதாக இரட்டிக்கிறது. (ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் அதில் போட முடியாது, பதினைந்து ஆண்டு கட்டுப்பாடும் உண்டு என்பது வேறு விஷயம்.)

விலைவாசியையும் இதே எண்ணால் அளக்கலாம். அப்போது இரட்டிப்பாவது பொருளின் விலை. ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். இரண்டு சதவீதம் மேலும் கீழும் விலகலாம் என்பது அதற்குள்ள இடம். 4 சதவீதத்தில் விலைகள் இரட்டிக்க 18 ஆண்டு, மேல் எல்லையான 6 சதவீதத்தில் 12 ஆண்டு. நடுவில் 5 சதவீதம் என்று எடுத்தால் 14.4 ஆண்டு. மேல் அடுக்கில் வரி கட்டுபவரின் பத்திரப் பணம் 14 ஆண்டில் இரட்டிக்கிறது. அவர் வாங்கும் பொருளின் விலையும் 14 ஆண்டு சொச்சத்தில் இரட்டிக்கிறது. இரண்டு மடங்கு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பு வாங்கிய அதே பொருளைத்தான் அவர் வாங்குவார். வரி இல்லாதவருக்குக்கூட 7.5-க்கும் 5-க்கும் இடையிலான இரண்டரை சதவீதம்தான் உண்மையான வளர்ச்சி. பணத்தின் வாங்கும் சக்தி இரட்டிக்க ஏறக்குறைய 29 ஆண்டு ஆகும்.

சராசரியை வகுக்கக்கூடாது

பங்குச் சந்தைக்கு வரும்போது விதியில் எந்தத் தவறும் இல்லை, அதில் இடும் எண்ணில்தான் தவறு நேர்கிறது. ஒரு பரஸ்பர நிதி முதல் ஆண்டில் 40 சதவீதம் ஏறி, இரண்டாம் ஆண்டில் 20 சதவீதம் இறங்குகிறது. கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி 10 சதவீதம், 7.2 ஆண்டில் இரட்டிப்பு என்று தோன்றும். பணத்தைப் பாருங்கள்: 100 ரூபாய் 140 ஆகி, பின் 112 ஆகிறது. இரண்டு ஆண்டில் 12 சதவீதம், கூட்டு வளர்ச்சியில் ஆண்டுக்கு 5.83. இந்த வேகத்திலேயே போனால் இரட்டிக்க 12 ஆண்டுக்கு மேல். ஏற்ற இறக்கம் பெரிதாக ஆக, சராசரிக்கும் கூட்டு வளர்ச்சிக்கும் இடையிலான பள்ளமும் பெரிதாகும். நிதி அறிக்கைகளில் கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் என்று தனியாக ஒன்று இருக்கும். 72-ஐ வகுக்க உகந்தது அது ஒன்றே. அதுவும் கடந்த காலத்தைத்தான் சொல்கிறது. பத்திரத்தின் 7.5 வாங்கிய நாளிலேயே உறுதியாகிவிடுகிறது. நிதியின் விகிதத்துக்கு அந்த உறுதி இல்லை.

தவணையாகக் கட்டும் பணம்

72 விதி மொத்தமாக ஒரே நாளில் போட்டு, இடையில் தொடாமல் விடும் பணத்துக்கு உரியது. தவணை என்று வந்தவுடன் கணக்கு வழுக்குகிறது. காப்பீட்டுச் சேமிப்புத் திட்டங்கள் விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வழுக்கலில்தான்.

ஓர் உதாரணத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் பத்து ஆண்டு மட்டும் கட்டினால் போதும், இருபதாம் ஆண்டு முடிவில் 20 லட்சம். விற்பவர் சொல்லும் வாக்கியம்: "பத்து வருஷம் கட்டுறீங்க, அடுத்த பத்து வருஷத்துல டபுள்." கேட்பவர் 72-ஐ 10-ஆல் வகுத்து, 7.2 சதவீதம், பரவாயில்லையே என்று நினைத்துக்கொள்கிறார். அப்படி நினைக்கும்போது முதல் பத்து ஆண்டு கட்டிய பணம் எந்த வட்டியும் இல்லாமல் சும்மா கிடந்ததாக ஆகிறது. முதல் தவணை உண்மையில் 20 ஆண்டு அவர்களிடம் இருக்கிறது.

சரியாகப் போட ஒரு படி கூடுதலாக வேண்டும். ஒவ்வொரு தவணையும் எத்தனை ஆண்டு உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். முதல் தவணை 20 ஆண்டு, இரண்டாவது 19, இப்படியே பத்தாவது தவணை 11 ஆண்டு. சராசரி 15.5 ஆண்டு. ஆக, கட்டிய 10 லட்சம் சராசரியாக 15.5 ஆண்டு இருந்து 20 லட்சமாகியிருக்கிறது. 72-ஐ 15.5-ஆல் வகுத்தால் 4.65 சதவீதம். 7.2 என்று நினைத்தது எங்கே, இது எங்கே!

இந்த விடை கொஞ்சம் தாராளமானது. உண்மை விகிதம் இதற்கும் கீழேதான் இருக்கும். முன்னால் கட்டிய தவணைகள் வட்டிக்கு வட்டி ஈட்ட அதிக நேரம் பெறுவதால், அதே 20 லட்சத்தை எட்டக் குறைந்த விகிதமே போதுமானதாகிவிடுகிறது. துல்லியமாகப் பார்க்க விரிதாளின் ஒரு பத்தியில் முதல் பத்துக் கட்டங்களில் -100000, அடுத்த பத்துக் கட்டங்களில் 0, இருபத்தொன்றாவது கட்டத்தில் 2000000 என்று நிரப்பி, பக்கத்தில் இதை எழுதுங்கள்:

```
=IRR(A1:A21)
```

4.5 சதவீதம் வரும். கட்டங்களை நிரப்பும்போது அடிக்கடி நேரும் பிழை, நடுவில் உள்ள பூச்சியங்களை விட்டுவிடுவது. வெற்றுக் கட்டத்தை விரிதாள் ஆண்டாக எண்ணாமல் தாண்டிவிடும். 20 லட்சம் பத்தாம் ஆண்டிலேயே வந்ததாகக் கணக்காகி, விகிதம் 12 சதவீதத்தையும் தாண்டிக் காட்டும். விடை அந்த உயரத்தில் வந்தால் முதலில் பூச்சியங்களைச் சரிபாருங்கள். 15.5 ஆண்டை வைத்துப் போட்ட மனக்கணக்கு 4.65 என்று சொல்லியிருக்கும்போது விரிதாள் 12 என்று காட்டினால், தவறு நிரப்பியதில்தான்.

இந்தத் திட்டத்தின் தவணையில் ஒரு பகுதி ஆயுள் காப்பீட்டுக்கும் போகிறது, அதற்கும் ஒரு விலை உண்டு என்று சொல்வார்கள். உண்மைதான். அதே காப்புத் தொகைக்குத் தனியாகக் கால வரையறைக் காப்பீடு எடுத்தால் ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையை ஒவ்வொரு தவணையிலும் கழித்துவிட்டு மறுபடி கணக்கிடலாம். ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்று வைத்து, கட்டங்களில் -95000 என்று மாற்றினால் விகிதம் 4.9-க்கு வரும்.